கதவைத் தட்டியவர் ஒருவரா, பலரா? பேச்சை எழுத்தாக்க மூன்று வழிகள்

ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்வது எளிது. அதை எழுத உட்காரும்போதுதான் கை தயங்குகிறது. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவதா? எழுத்துத் தமிழுக்கு முழுமையாக மாற்றுவதா? இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே பதிவின் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

வெள்ளம் வந்த ஓர் இரவைப் பற்றி வயதான அம்மா ஒருவர் சொன்னது இது. என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். பதிவில் உள்ளபடியே தருகிறேன்.

"அன்னைக்கு ராத்திரி... ராத்திரின்னா, பத்து, பத்தரை இருக்கும். மழை. சரியான மழை. நான் வந்து... குழந்தை தூங்குது, நான் உட்கார்ந்திருக்கேன். கதவைத் தட்டுறாங்க. தட்டுறாங்க, தட்டுறாங்க, தட்டிக்கிட்டே இருக்காங்க. போய்த் திறந்தேன். திறந்தா, அவங்க நிக்கிறாங்க. நனைஞ்சு. முழுசா நனைஞ்சு. ஆத்துல தண்ணி ஏறிடுச்சாம். கரை உடையப் போகுதாம். எடுத்தேன் தம்பி, குழந்தையை. வேற ஒண்ணுமே எடுக்கலை. ஒண்ணுமே."

முதன்முறை இதை நான் எழுத்துத் தமிழுக்கு மாற்றியபோது இப்படி வந்தது:

"அன்று இரவு பத்து அல்லது பத்தரை மணியளவில் பலத்த மழை பெய்துகொண்டிருந்தது. குழந்தை உறங்கிக்கொண்டிருக்க, நான் விழித்திருந்தேன். அப்போது சிலர் தொடர்ந்து கதவைத் தட்டினர். எழுந்து சென்று கதவைத் திறந்தபோது அவர்கள் முற்றிலும் நனைந்த நிலையில் நின்றுகொண்டிருந்தனர். ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்து கரை உடையும் நிலையில் இருந்தது. எனவே குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினேன்."

இலக்கணப்படி இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பத்திரிகையும் திருத்தாமல் அச்சிடும். ஆனால் உண்மை விவரத்திலேயே இரண்டு பெரிய தவறுகள் இதில் இருக்கின்றன. இரண்டையும் நான்தான் உண்டாக்கினேன். அவர் பேச்சில் அவை இல்லை.

முதல் தவறு "சிலர்". பேச்சுத் தமிழில் "அவங்க", "தட்டுறாங்க" ஆகிய சொற்கள் பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். எழுத்துத் தமிழ் "அவர் தட்டினார்" என்றும் "அவர்கள் தட்டினார்கள்" என்றும் பிரித்துக் கேட்கிறது. ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பதிவில் அதற்கு விடை இல்லாதபோது எழுதுபவர் ஊகித்து நிரப்புகிறார். நானும் அப்படித்தான் நிரப்பினேன். பிறகு போய்க் கேட்டேன்: "அவங்கன்னா யாரும்மா?" "எங்க பெரியம்மாதான் தம்பி. அவங்க மட்டும்தான் வந்தாங்க." மழையில் தனியாக வந்த ஒரு பெண்ணை நான் ஒரு கூட்டமாக்கியிருந்தேன். கதையின் நடுநாயகமே அந்தப் பெரியம்மாதான். என் வாக்கியத்தில் அவர் இருந்த இடமே தெரியவில்லை.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. "ஏறிடுச்சாம்", "உடையப் போகுதாம்" என்று அவர் சொன்னார். அந்த "ஆம்" என்னும் ஈறு, தான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று காட்டுகிறது. ஒரு சின்ன ஒட்டில் செய்தியின் மூலத்தையே குறித்துவிடும் வசதி இது. "கரை உடையும் நிலையில் இருந்தது" என்று எழுதிய உடனே அந்த அம்மா ஆற்றங்கரையில் நின்று கண்ணால் பார்த்தவர் ஆகிவிட்டார். எழுத்துத் தமிழில் "ஆம்" இல்லாமல் இல்லை. "உடையப் போகிறதாம்" என்று தாராளமாக எழுதலாம். ஆனால் அலுவல் நடையில் எழுதும் பழக்கம் உள்ளவர்களின் கை, இந்த ஈற்றை வம்புப் பேச்சின் அடையாளமாக நினைத்துத் தானாகவே உதிர்த்துவிடுகிறது.

மற்ற இழப்புகளை உண்மைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவற்றைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கவேண்டும். பேச்சின் இலக்கணம் அங்கேதான் இருக்கிறது.

"போய்த் திறந்தேன். திறந்தா, அவங்க நிக்கிறாங்க." இதில் "திற" இரண்டு முறை வருகிறது. எழுத்துப் பழக்கத்தில் பார்த்தால் இரண்டாவது வீண். ஆனால் தமிழில் கதை சொல்லும் எவர் பேச்சையும் பத்து நிமிடம் கவனித்துக் கேளுங்கள், இந்த வடிவம் திரும்பத் திரும்ப வரும். போனேன், போனா... பார்த்தேன், பார்த்தா... எடுத்தான், எடுத்துட்டு... முந்தைய வாக்கியத்தின் வால், அடுத்த வாக்கியத்தின் தலையாக மாறுகிறது. கேட்பவருக்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வசதி இல்லை. அதனால் பேசுபவர் விட்ட இடத்தை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டு மேலே போகிறார். அதே நேரத்தில், "திறந்தா" என்று சொல்லிச் சற்றே நிறுத்தும்போது, கதவுக்கு அப்பால் என்ன என்ற எதிர்பார்ப்பும் பிறக்கிறது. ஒரு மடிப்பில் இரண்டு வேலை. "கதவைத் திறந்தபோது அவர்கள் நின்றுகொண்டிருந்தனர்" என்று ஒரே வாக்கியமாக மடித்தால் இரண்டும் போய்விடுகின்றன.

அடுத்தது "தட்டுறாங்க, தட்டுறாங்க, தட்டிக்கிட்டே இருக்காங்க". இதை "தொடர்ந்து தட்டினர்" என்று சுருக்கியது நான் செய்த மோசமான சுருக்கம். தமிழ் இலக்கணம் இப்படிச் சொல் அடுக்கி வருவதை ஒருபோதும் பிழை என்று சொன்னதில்லை. தொல்காப்பியத்தின் எச்சவியல், விரைவில் சொல்லும் அடுக்குக்கு எல்லையே வகுக்கிறது: "விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்". விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என்று அடுக்கு பிறக்கும் காரணங்களையும் இலக்கணம் படித்தவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அந்த அம்மா அடுக்கியதில் அச்சமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அந்த மூன்று சொற்களுக்குள் ஓடுகிறது. "தொடர்ந்து" என்ற சொல் அந்த நேரத்தைத் தகவலாகச் சொல்கிறது, கேட்கவைப்பதில்லை.

"எடுத்தேன் தம்பி, குழந்தையை." எழுத்துத் தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கவேண்டும். பேச்சில் வினை முந்திக்கொண்டு வரும், பெயர் பின்னால் வந்து சேரும். மறந்துபோனதைப் பிறகு ஒட்டவைப்பதுபோல் தோன்றினாலும், பெரும்பாலும் இது தெரிந்தே அமையும் ஒழுங்கு. செயல்தான் அவசரம், எதை எடுத்தார் என்பது கேட்பவருக்கு ஏறக்குறைய தெரிந்ததே. ஆகவே செயல் முதலில். அந்த இடைவெளியில் "தம்பி" என்ற விளி வருவதைப் பாருங்கள். கதைக்குள் மூழ்கியிருந்தவர் அந்தக் கணத்தில் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மழை." "நனைஞ்சு." இவை முற்றுப்பெறாத துண்டுகள். ஒன்றில் வினையே இல்லை, மற்றொன்று வெறும் எச்சம். பேச்சில் துண்டு என்பது உடைந்த வாக்கியம் அன்று. அமெரிக்க மொழியியலாளர் வாலஸ் சேஃப் இதைத் தெளிவாக விளக்கினார்: இயல்பான பேச்சு சின்னச் சின்ன ஒலிப்பு அலகுகளாக வருகிறது, ஓர் அலகில் பெரும்பாலும் ஒரு புதிய செய்திதான் இருக்கும். மனம் ஒரு நேரத்தில் அவ்வளவைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. எழுத்து வேறு வழியில் போகிறது. தமிழில் வினையெச்சங்களையும் பெயரெச்சங்களையும் கோத்து, ஆறு செயல்களை ஒரே வினைமுற்றின் கீழ் கட்டிவிடலாம். படிப்பவர் வேண்டுமானால் திரும்பிப் படித்துக்கொள்வார். இரண்டுமே ஒழுங்குதான். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளந்தால் பேச்சு குறைபட்டதாகத் தெரியும், எழுத்து மூச்சு முட்டுவதாகத் தெரியும்.

இனி முடிவுக்கு வரலாம்.

சொன்னபடியே எழுதுவது என்ற முதல் வழியைப் பலர் எளிது என்று நினைக்கிறார்கள். மூன்றிலும் அதிக உழைப்பு கேட்பது இதுதான். சொற்களை மட்டும் பிடிக்கவே ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு மணி நேரமாவது ஆகும். உரையாடலை ஆராய்பவர்கள் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். கெயில் ஜெஃபர்சன் வகுத்த குறியீட்டு முறையில் இருவர் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம், இழுத்துச் சொன்ன எழுத்து, இடைவெளியின் நீளம் எல்லாம் குறிக்கப்படும். அரை நொடி மௌனம் (0.5) என்று எழுதப்படும். அவர் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் எழுதிய கட்டுரை, உரையாடலில் யார் எப்போது பேசுவது என்பதற்கு ஒழுங்கு உண்டு என்று காட்டியது. பேசுபவர் தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று இதே மூவர் 1977இல் காட்டினார்கள். ஆராய்ச்சிக்கும் சாட்சியத்துக்கும் இந்த வழியே சரி. "திங்கள், இல்லை, செவ்வாய்" என்று சாட்சி சொன்னால் இரண்டு கிழமையும் இருக்கவேண்டும், அவர் தயங்கினார் என்பதும் ஒரு செய்தி.

ஆனால் குடும்பத்தார் படிக்கும் புத்தகமாக அதை அச்சிட்டால், பேசியவருக்கு அநீதி நேர்கிறது. காதில் விழும்போது யாரும் கவனிக்காத தயக்கங்கள், தாளில் வரிசையாக நின்று, பேசியவர் தடுமாறுகிறவர் என்ற எண்ணத்தை உண்டாக்குகின்றன. இதைவிட வருத்தம் தருவது உச்சரிப்பை எழுத்துக்கூட்டும் விதம். "உட்கார்ந்திருக்கேன்" என்பதை "ஒக்காந்துருக்கேன்" என்று எழுதினால் ஒலிக்கு நெருக்கம்தான். ஆனால் கேள்வி கேட்டவரின் சொற்களைச் சீராகவும் பதில் சொன்னவரின் சொற்களைக் கொச்சையாகவும் எழுதிய பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் ஒரே மாதிரிதான் பேசியிருப்பார்கள். ஒலியைப் பின்பற்றுவதானால் எல்லோருக்கும் பின்பற்றவேண்டும். இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

முழு எழுத்துத் தமிழ் என்ற வழியின் ஆபத்தை மேலே பார்த்துவிட்டோம். அதற்கும் இடம் உண்டு. ஒருவர் சொன்ன தகவலை வைத்து அறிக்கை எழுதுகிறீர்கள், அல்லது ஒரு வேலையைச் செய்யும் முறையை அவரிடம் கேட்டு மற்றவர்களுக்குப் படிப்படியாக எழுதித் தருகிறீர்கள் என்றால், அவர் குரல் அங்கே தேவையில்லை, தெளிவுதான் தேவை. அப்போது எழுதுபவர் தன் பெயரில், படர்க்கையில் எழுதவேண்டும் என்பது என் பிடிவாதம். "நான்" என்று அவர் வாயில் வைத்து, அவர் சொல்லாத "எனவே", "நிலையில்" ஆகியவற்றைச் சேர்ப்பது கூடாது. என் முதல் எழுத்தாக்கத்தில் "வெளியேறினேன்" என்று முடித்திருக்கிறேன். அந்த அம்மா வெளியேறியதாகச் சொல்லவே இல்லை. எடுத்தேன் என்று சொல்லி நிறுத்தினார்.

நான் இப்போது தேர்ந்துகொள்வது நடுவழி. அதன் அடிப்படை இதுதான்: பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு அடுக்குகளில் இருக்கிறது. ஒன்று சொல்லின் வடிவம், "இருக்கு" என்பதும் "இருக்கிறது" என்பதும் போல. மற்றொன்று வாக்கியத்தின் கட்டு: துண்டு, அடுக்கு, வினை முந்துதல், வால் தலையாவது. தமிழில் பேச்சு, எழுத்து என்று விவாதம் வந்தாலே எல்லோரும் முதல் அடுக்கைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் பேசுபவரின் குரல் பெரிதும் இரண்டாவது அடுக்கில்தான் இருக்கிறது. எனவே வடிவத்தை மாற்றிவிட்டுக் கட்டை அப்படியே விட்டுவைக்க முடியும். கதவைத் தட்டியவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இந்த வழியில் எழுதியது:

"அன்று இரவு. பத்து, பத்தரை இருக்கும். மழை. சரியான மழை. குழந்தை தூங்குகிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தட்டுகிறார்கள். தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள், தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போய்த் திறந்தேன். திறந்தால், பெரியம்மா நிற்கிறார். நனைந்து. முழுவதும் நனைந்து. ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதாம். கரை உடையப் போகிறதாம். எடுத்தேன் தம்பி, குழந்தையை. வேறு ஒன்றுமே எடுக்கவில்லை. ஒன்றுமே."

ஒரு வட்டார வழக்கு மட்டுமே தெரிந்தவர்கள் தவறவிடக்கூடிய சொற்கள் இல்லாததால், தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் இதைப் படிக்கலாம். வாய்விட்டுப் படித்தால் அவர் மூச்சு விட்ட இடத்தில்தான் நாமும் விடுவோம். "தட்டுகிறார்கள்" என்பதை "தட்டுகிறார்" என்று மாற்றாமல் விட்டது யோசித்துச் செய்தது. கதவு திறக்கும்வரை வெளியே யார், எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது. யார் என்று தெரியாத நிலையைச் சொல்ல எழுத்திலும் பன்மை பொருந்துகிறது. கதவு திறந்த பிறகு ஒருமை.

இந்த வழியில் எதை நீக்கலாம் என்பதற்கு ஒரே சோதனைதான் வைத்திருக்கிறேன்: நீக்கினால் செய்தியோ, அதன் மூலமோ, அதன் வேகமோ மாறுகிறதா? "நான் வந்து..." என்பதில் வந்த "வந்து" பேசும் வாய்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடும் ஒலி. அதை எடுத்துவிட்டேன். ஆனால் "வந்து" என்பதில் பொறி ஒன்று இருக்கிறது. "அவங்க வந்து சொன்னாங்க" என்றால் நேரில் வந்தார்களா, வெறும் நிரப்புச் சொல்லா? தாளில் பார்த்துச் சொல்ல முடியாது. திரும்பப் பதிவைக் கேட்கவேண்டும். நிரப்புச் சொல்லாக வரும்போது அது பெரும்பாலும் அழுத்தமில்லாமல், சற்று இழுபட்டு, பின்னால் ஒரு சிறு இடைவெளியோடு வரும். உண்மையான வினையாக இருந்தால் அடுத்த சொல்லோடு ஒட்டி ஓடும். சந்தேகம் தீராவிட்டால் கேட்டுவிடுவதே நல்லது.

இந்த நடுவழிக்கும் எல்லை இருக்கிறது. சொல்லின் வடிவமே கதையாக இருக்கும் இடங்களில் இது தோற்றுப்போகும். இறந்துபோன கணவர் தன்னை எப்படி அழைத்தார் என்று ஒருவர் சொல்லிக் காட்டினால், அந்த அழைப்பை எழுத்துத் தமிழாக்கினால் ஆளே மாறிவிடுவார். அப்படிப்பட்ட சொற்களை மேற்கோளுக்குள் பேச்சு வடிவிலேயே விடுகிறேன். நம் சிறுகதைகளும் நாவல்களும் விவரிப்பை எழுத்திலும் உரையாடலைப் பேச்சிலும் எழுதி வாசகர்களை இதற்கு எப்போதோ பழக்கிவிட்டன. மேலும், பேச்சுக் கட்டு நீண்ட பக்கங்களுக்குத் தொடர்ந்தால் கண் களைத்துவிடும். வம்சாவளி, வேலை மாறிய வருடங்கள் போன்ற விவரங்களை என் வாக்கியங்களில் சுருக்கிச் சொல்லிவிட்டு, அவர் உயிரோடு வாழ்ந்து காட்டும் இடங்களை மட்டும் அவருடைய வாக்கியக் கட்டிலேயே தருகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பதிவைக் கேட்டுச் சொன்னபடியே எழுதிய பிரதியை அழிக்காதீர்கள். நடுவழியும் முழு எழுத்துத் தமிழும் ஊகங்களால் ஆனவை. ஊகம் தவறியதா என்று பார்க்கச் சொன்னபடி எழுதிய பிரதி ஒன்று வேண்டும். என்னிடம் அது இல்லாமல் போயிருந்தால் "அவங்க" என்ற சொல்லையே நான் மீண்டும் பார்த்திருக்கமாட்டேன்.

கடைசி எழுத்தாக்கத்தை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒன்றுமே" என்ற சொல்லோடு நான் அடுத்த பத்திக்குப் போனபோது கையை உயர்த்தி நிறுத்தினார். பதிவைப் போட்டுக் கேட்டோம். அந்த இடத்தில் ஏழு நொடி பேச்சே இல்லை, மழைக்குப் பதிலாக மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும். நான் அதை எந்தப் பிரதியிலும் எழுதியிருக்கவில்லை. இப்போது அச்சுப் பிரதியில் "ஒன்றுமே" என்பதோடு பத்தியை முடித்து, கீழே இரண்டு வரி வெற்றிடம் விட்டிருக்கிறேன்.